சில்லரின் வாயுவை மாற்றும் முன்

அலுவலகங்கள், மருத்துவமனைகள், வணிக வளாகங்கள் ஆகியவற்றுக்குக் குளிர்ந்த நீர் தரும் சில்லர்களில் பல இன்றும் ஆர்-134ஏ என்ற குளிர்பதன வாயுவில் ஓடுகின்றன. அது தீப்பற்றாது, நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. ஆனால் அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயு அளவுக்குப் புவியைச் சூடாக்கும். 2016-இன் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. அதன்படி இவ்வகை வாயுக்களின் பயன்பாடு 2028-இல் உச்சவரம்புக்குள் வந்து, 2032-இல் 10 சதவீதமும் 2047-இல் 85 சதவீதமும் குறைய வேண்டும். ஓடும் சில்லரைக் கழற்றச் சொல்லும் விதி அல்ல இது. புதிய வாயுவின் வரத்துதான் இறுகும். அதனால்தான் பழைய எந்திரத்திலேயே வேறு வாயுவை நிரப்பலாமா என்ற கேள்வி எழுகிறது.

முன்நிற்பவை இரண்டு. ஆர்-1234இசட்இ-யின் வெப்பமாக்கும் மதிப்பு 7-ஐத் தாண்டாது. ஆர்-513ஏ ஒரு கலவை, அதில் ஏறத்தாழ 44 சதவீதம் பழைய ஆர்-134ஏ-யே. அதன் மதிப்பு சுமார் 630. எண்களை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் தேர்வு. அதைத் தடுப்பது தீப்பற்றும் தன்மை.

ஆர்-1234இசட்இ, மெதுவாக எரியும் ஏ2எல் வகுப்பைச் சேர்ந்தது. இந்த வகுப்பில் தீ பரவும் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. புரொப்பேனில் அது சுமார் 46. அறை வெப்பநிலைச் சோதனையில் இந்த வாயு பற்றுவதே இல்லை, சுமார் 30 டிகிரிக்கு மேல்தான் பற்றும். ஆனால் நம் ஊர் எந்திர அறைகள் கோடையில் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள அறையில் 300 கிலோ வாயு முழுதும் கசிந்தால், கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் சேரும். பற்றுவதற்குக் குறைந்தபட்சம் வேண்டிய அளவு சுமார் 0.3 கிலோதான். வாயு காற்றைவிடக் கனமானதால் தரையருகே இன்னும் அடர்ந்து நிற்கும். எனவே தரையை ஒட்டிய கசிவு உணரி, அது சொன்னதும் தானே ஓடும் வெளியேற்று விசிறி, தீப்பொறி தெறிக்காத மின்சாதனங்கள் எல்லாம் தேவை. பழைய சில்லரின் கன்ட்ரோல் பேனல் இதற்கென்று செய்யப்பட்டதல்ல. போதாக்குறைக்கு, அதே கம்ப்ரஸரில் குளிர்ச்சித் திறனும் ஏறத்தாழ கால்பங்கு குறையும். புதிதாக வாங்கும் சில்லருக்கு இது நல்ல வாயு. பழையதில் ஊற்றுவதற்கு உரியதல்ல.

ஆர்-513ஏ தீப்பற்றாது, அழுத்தமும் ஆர்-134ஏ-யை ஒட்டியே இருக்கும். பாலியோல் எஸ்டர் எண்ணெயையும் பெரும்பாலும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பல எந்திரங்களில் செயல்திறன் சில சதவீதம் குறைகிறது, இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. 300 டிஆர் சில்லர் ஒன்று, டிஆருக்கு 0.6 கிலோவாட் வீதம், ஆண்டுக்கு 3,000 முழுச்சுமை மணிநேரம் ஓடுவதாகக் கொள்வோம். செலவு 5,40,000 யூனிட். 3 சதவீதம் கூடினால் 16,200 யூனிட். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்ற கணக்கில் அது 11 டன் கரியமில வாயு. இனி கசிவு. 300 கிலோவில் ஆண்டுக்கு 5 சதவீதம், அதாவது 15 கிலோ கசிந்தால், ஆர்-134ஏ-யில் 21 டன், ஆர்-513ஏ-யில் 9 டன். மிச்சமான 12 டன்னை மின்சாரம் ஏறக்குறைய முழுதும் விழுங்கிவிடுகிறது. கசிவு 2 சதவீதம்தான் என்றால் மாற்றம் நட்டமே. கசிவை அடைப்பதுதான் முதல் வேலை. இறுக்கமாக ஓடும் சில்லரை அப்படியே விட்டு, ஆயுள் முடிந்ததும் புதிய வாயுவுக்கு மாறுவதே மேல். அப்போது பழைய வாயுவைச் சிலிண்டரில் மீட்க வேண்டும், காற்றில் விட்டால் 429 டன்னும் போய்ச் சேரும்.

கசிவு நிற்காத எந்திரத்தில் மாற்றித்தான் தீர வேண்டுமென்றால், கழற்றும் முன்பே சுமை, நீரின் வெப்பநிலைகள், அழுத்தங்கள், கிலோவாட் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். பிறகு வாயுவை மீட்டு, ஃபில்டர் டிரையரையும் ரப்பர் சீல்களையும் மாற்றி, 500 மைக்ரான் வரை வேக்கம் இழுத்து, புதிய வாயுவைத் திரவமாகவே நிரப்ப வேண்டும். விரிவு வால்வைத் திருத்தி, பழைய குறிப்பின் அதே சுமையில் ஒப்பிட வேண்டும். டிஆருக்கு ஆகும் கிலோவாட் எதிர்பார்த்த சில சதவீதத்தைத் தாண்டினாலோ, குளிர்நீருக்கும் ஆவியாக்கிக்குமான வெப்பநிலை இடைவெளி கூடினாலோ, வாயுவின் அளவிலோ வால்விலோ கோளாறு. மையவிலக்கு கம்ப்ரஸரில் உறுமலும் அழுத்தத்தில் ஊசலாட்டமும் வந்தால், அது சர்ஜ் என்னும் நிலை. தயாரிப்பாளரின் ஒப்புதலின்றி அதில் வாயுவை மாற்றக் கூடாது. பெயர்ப்பலகையில் புதிய வாயுவின் பெயர் இல்லாவிட்டால், அடுத்த சர்வீஸில் வருபவர் ஆர்-134ஏ-யையே ஏற்றிவிடுவார். கலவையின் விகிதம் கெட்டுப்போனபின் அதைச் சரிசெய்ய வழி கிடையாது. முழுதும் வெளியே எடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டியதுதான்.