அட்ரினல் கட்டியை எடுத்த பிறகு பிபி மாத்திரை தேவையில்லையா? பொட்டாசியம் ஏன் திடீரென ஏறுகிறது?

சிலருக்கு மூன்று பிபி மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் குறையாது. பரிசோதித்தால் ரத்தத்தில் பொட்டாசியமும் குறைவாக இருக்கும். காரணம் தேடிப் போனால், சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் ஒரு சின்ன கட்டி இருப்பது தெரியவரும். இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைக் கட்டுப்பாடு இல்லாமல் சுரந்துகொண்டே இருக்கும். 1955-ல் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் இதை விவரித்ததால் 'கான் சிண்ட்ரோம்' என்றும் சொல்வார்கள்.

கட்டி ஒரு பக்கம் மட்டும் இருந்தால், அந்தப் பக்கத்து சுரப்பியை லேப்ராஸ்கோபி முறையில் அகற்றுவதுதான் வழக்கமான சிகிச்சை. நோயாளிகள் கேட்கும் முதல் கேள்வி, "ஆபரேஷன் முடிஞ்சா பிபி மாத்திரையை தூக்கிப் போட்டுடலாமா டாக்டர்?" என்பதுதான். பலரும் கேட்க மறக்கும் இரண்டாவது கேள்வி, "பொட்டாசியம் என்ன ஆகும்?"

ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

ஆல்டோஸ்டீரோன் என்ன செய்கிறது?

சோடியத்தை உடலில் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே அனுப்பு என்று சிறுநீரகத்துக்குச் சொல்வதுதான் இந்த ஹார்மோனின் வேலை. அளவாகச் சுரந்தால் பிரச்னை இல்லை. கட்டி இருக்கும்போது இந்த உத்தரவு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. சோடியமும் அதோடு தண்ணீரும் உடலில் தங்குவதால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. பொட்டாசியம் சிறுநீரில் வீணாகப் போகிறது.

ஸ்கேனில் கட்டி தெரிந்தாலே அதுதான் குற்றவாளி என்று முடிவு செய்துவிட முடியாது. வயது ஏற ஏற, எந்த ஹார்மோனையும் அதிகமாகச் சுரக்காத கட்டிகளும் அட்ரினலில் வருவது சகஜம். அதனால் இரண்டு பக்க அட்ரினல் ரத்தக்குழாயிலிருந்தும் தனித்தனியே ரத்தம் எடுத்து, எந்தப் பக்கம் அதிகம் சுரக்கிறது என்று உறுதி செய்துவிட்டுத்தான் பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் போவார்கள். இரண்டு பக்கமும் அதிகம் சுரந்தால் மாத்திரைதான் சிகிச்சை.

பிபி முழுசா சரியாகுமா?

சிலருக்கு ஆகும், எல்லோருக்கும் ஆகாது. 'பாசோ' என்ற சர்வதேச ஆய்வு 2017-ல் வெளியானது. பல நாடுகளைச் சேர்ந்த 12 மையங்களில், ஒரு பக்க சுரப்பியை அகற்றிய 705 பேரின் நிலையை அது பார்த்தது. 37 சதவீதம் பேருக்கு மாத்திரையே இல்லாமல் பிபி நார்மலுக்கு வந்தது. 47 சதவீதம் பேருக்கு ஓரளவு பலன் கிடைத்தது. அதாவது மாத்திரை குறைந்தது, அல்லது அதே மாத்திரையில் பிபி முன்பைவிட நன்றாகக் கட்டுப்பட்டது. மீதிப் பேருக்கு பிபியில் பெரிய மாற்றம் இல்லை.

அதே ஆய்வில், ஹார்மோன் அளவிலும் பொட்டாசியத்திலும் முழு வெற்றி கிடைத்தவர்கள் 94 சதவீதம். கட்டியின் வேலை கிட்டத்தட்ட எல்லோருக்கும் நின்றுவிட்டது. பிறகு ஏன் பலருக்கு பிபி மட்டும் நிற்கவில்லை?

பல வருடங்கள் அதிக அழுத்தத்தைத் தாங்கிய ரத்தக்குழாய்கள் விறைத்துப் போயிருக்கும். சிறுநீரகமும் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கலாம். இதெல்லாம் போக, குடும்பத்தில் வரும் சாதாரண பிபியும் கூடவே இருந்திருக்கலாம். கட்டியோடு சேர்ந்து அது போய்விடாது.

யாருக்குப் பலன் அதிகம் என்று ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடியும். அமெரிக்க மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்ட ஒரு எளிய மதிப்பெண் முறை உண்டு. ஆபரேஷனுக்கு முன் இரண்டு அல்லது அதற்கும் குறைவான பிபி மருந்துகள் என்றால் 2 மதிப்பெண். பெண் என்றால் 1. பிஎம்ஐ 25 அல்லது அதற்குக் கீழ் என்றால் 1. பிபி வந்து 6 வருடம் அல்லது அதற்குக் குறைவு என்றால் 1. மொத்தம் 5. நான்கு, ஐந்து வாங்கினால் மாத்திரை இல்லாமல் வாழும் வாய்ப்பு அதிகம். பூஜ்யம், ஒன்று என்றால் குறைவு.

பலன் தெரியவும் நேரம் ஆகும். பெரும்பாலும் ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் பிபி குறையும். சிலருக்கு ஒரு வருடம் வரை மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். டிஸ்சார்ஜ் ஆன வாரத்தில் பார்க்கும் ரீடிங்கை வைத்து 'ஆபரேஷன் தோத்துப் போச்சு' என்று முடிவு கட்ட வேண்டாம்.

பொட்டாசியம் ஏன் எதிர்த்திசையில் போகிறது?

ஆபரேஷனுக்கு முன்பு பிரச்னை பொட்டாசியம் குறைவு. அதனால் பொட்டாசியம் சிரப், இளநீர், வாழைப்பழம் எல்லாம் சொல்லியிருப்பார்கள். ஆபரேஷன் முடிந்ததும் சிலருக்குக் கதை தலைகீழாகிறது.

காரணம், அகற்றாமல் விட்ட மறுபக்கத்து சுரப்பி. கட்டி ஏற்கெனவே தேவைக்கு மேல் சுரந்துகொண்டிருந்ததால், ஆல்டோஸ்டீரோன் தயாரிக்கும் வேலையில் இந்த சுரப்பி வருடக்கணக்கில் சும்மா இருந்திருக்கும். கட்டியை எடுத்த அன்றே அது பழைய வேகத்துக்கு வராது. விழித்துக்கொள்ள வாரங்கள் ஆகலாம், சில சமயம் மாதங்களும் ஆகலாம். அந்த இடைவெளியில் ஆல்டோஸ்டீரோன் போதாது. சிறுநீரகம் சோடியத்தை விட்டுவிட்டுப் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கிறது.

கூடவே இன்னொன்றும் நடக்கும். அதிக ஆல்டோஸ்டீரோன் இருந்த காலத்தில் சிறுநீரகம் அளவுக்கு மீறி வடிகட்டிக்கொண்டிருக்கும். அதனால் கிரியாட்டினின் பார்க்க நன்றாகவே தெரியும். கட்டியை எடுத்ததும் அந்த மறைப்பு விலகி, கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். ஆபரேஷனில் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. முன்பே இருந்த பாதிப்பு இப்போதுதான் வெளியே தெரிகிறது. ஆனால் வடிகட்டும் திறன் குறைவாக இருப்பவர்களுக்குப் பொட்டாசியம் ஏறும் ஆபத்தும் அதிகம். வயதானவர்கள், பல வருடம் பிபி இருந்தவர்களுக்கும் அப்படித்தான்.

ஒரு உதாரணம்

புரிவதற்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெங்களூருவில் ஐடி வேலை பார்க்கும் கார்த்திக், வயது 44, பிஎம்ஐ 28. ஒன்பது வருடமாக பிபி, மூன்று மருந்துகள். மேலே சொன்ன கணக்கில் அவருக்குப் பூஜ்யம். ஆபரேஷனுக்கு முன் பொட்டாசியம் 2.9. நார்மல் அளவு சுமார் 3.5 முதல் 5 வரை.

ஆபரேஷன் முடிந்ததும் பொட்டாசியம் சிரப்பையும், ஆல்டோஸ்டீரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையையும் நிறுத்தினார்கள். மறுநாள் பொட்டாசியம் 3.6. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார்.

முதல் வார டெஸ்ட்டில் 4.7. கிரியாட்டினின் 1.0-லிருந்து 1.4 ஆகியிருந்தது. இரண்டாவது வாரம் பொட்டாசியம் 5.8. அவருக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. லேசான சோர்வு மட்டும், அதையும் ஆபரேஷன் களைப்பு என்று நினைத்தார்.

டாக்டர் முதலில் மறுபடி ரத்தம் எடுத்தார். எடுக்கும்போது ரத்த அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக அதிகம் காட்டும். இரண்டாவது முறையும் அதே அளவு. உடனே இசிஜி எடுத்தார், அது நார்மல். பிறகு தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்ததில் நான்கு விஷயங்கள் வெளியே வந்தன.

பழைய பழக்கத்தில் தினம் ஒரு இளநீர். பிபிக்கு நல்லது என்று வீட்டில் வாங்கிய 'லோ சோடியம்' உப்பு. வலிக்குத் தானாக வாங்கிப் போட்ட டைக்ளோஃபெனாக். தொடர்ந்துகொண்டிருந்த டெல்மிசார்டான்.

லோ சோடியம் உப்பில் சோடியத்துக்குப் பதிலாகக் கணிசமான அளவு பொட்டாசியம் குளோரைடு இருக்கும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளும், டெல்மிசார்டான் வகை பிபி மருந்துகளும் பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய தவறு இல்லை. ஆனால் ஆல்டோஸ்டீரோன் குறைந்திருக்கும் நேரத்தில் நான்கும் சேர்ந்துவிட்டன.

இளநீரும் அந்த உப்பும் நின்றன. வலிக்குப் பாராசிட்டமால். டெல்மிசார்டானுக்குப் பதில் அம்லோடிபின். சாதாரண உப்பைக் குறைக்காமல் சாப்பிடச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் 5.3, நான்காவது வாரம் 4.9. ஆறு மாதம் கழித்து பிபி 128/82, அம்லோடிபின் ஒன்று மட்டும். ஆய்வாளர்களின் கணக்கில் இது 'ஓரளவு வெற்றி'. மூன்று மருந்தில் அடங்காதது இப்போது ஒன்றில் அடங்கியிருக்கிறது. ஹார்மோனும் நார்மல்.

பிபி நோயாளியை உப்பு சாப்பிடச் சொல்வதா?

முரணாகத்தான் தெரியும். ஆனால் சர்வதேச வழிகாட்டுதலே ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் சில வாரங்களுக்கு உப்பைக் குறைக்க வேண்டாம் என்கிறது. சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதிக்குச் சோடியம் போதிய அளவு போனால்தான் அங்கே பொட்டாசியம் வெளியேறும். மறுபக்கத்து சுரப்பி விழிக்கும் வரைதான் இந்த ஏற்பாடு. இதய பலவீனம், முற்றிய சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் பொட்டாசியம் இறங்கவில்லை என்றால், ஆல்டோஸ்டீரோன் போலவே வேலை செய்யும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரையைத் தற்காலிகமாகக் கொடுப்பார்கள். சிலருக்கு மட்டுமே இது தேவைப்படும். சில மாதங்களில் அளவைக் குறைத்து நிறுத்திப் பார்ப்பார்கள்.

எதைக் கவனிக்க வேண்டும்?

பொட்டாசியம் ஏறுவது பல நேரம் வெளியே தெரியாது. அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால் முதல் அறிகுறியே இதயத் துடிப்புக் கோளாறாக இருக்கக்கூடும். அதனால் டிஸ்சார்ஜ் ஆன பிறகு முதல் நான்கு வாரங்கள் வாரம் ஒரு முறை பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்ப்பது பல மையங்களில் வழக்கம். 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று அந்த டெஸ்ட்டைத் தள்ளிப்போட வேண்டாம். கை கால் பலவீனம், படபடப்பு, எழுந்து நின்றால் தலைசுற்றல், மயக்கம் இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் பழைய மருந்துச் சீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். பொட்டாசியம் சிரப், ஸ்பைரோனோலாக்டோன் இரண்டும் புதிய பட்டியலில் இன்னும் இருந்தால், வீட்டுக்குக் கிளம்பும் முன்பே "இது தொடரணுமா?" என்று கேட்டுவிடுங்கள். அதே நேரம் பிபி மாத்திரைகளை நீங்களாகவே மொத்தமாக நிறுத்திவிட வேண்டாம். வீட்டில் எடுக்கும் ரீடிங்கை எழுதி வைத்து, அதைப் பார்த்து மருத்துவர்தான் ஒவ்வொன்றாகக் குறைப்பார்.