டெல்மிசார்டனை நிறுத்திய பிறகு எதைக் கொடுப்பது?

சென்ற வாரம் கர்ப்பிணிக்கு பிரஷரை எப்படிச் சரியாக அளப்பது என்று பார்த்தோம். அளந்தாயிற்று, கூடுதலாக இருக்கிறது. இனி மாத்திரை.

ஒரு உதாரணப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். 34 வயது. இரண்டு வருடமாக பிரஷருக்கு தினமும் டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் சாப்பிடுகிறார். நாள் தள்ளிப்போய் ஏழாவது வாரத்தில் டாக்டரிடம் வருகிறார். பிரஷர் 146/94. சின்ன வயதில் இருந்த ஆஸ்துமா இன்னும் போகவில்லை, மழைக்காலத்தில் இன்ஹேலர் இல்லாமல் முடியாது.

முதல் வேலை, அன்றைக்கே டெல்மிசார்டனை நிறுத்துவது. லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் இதே கணக்குதான். இந்த மருந்துகள் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளின் வேலையைத் தடுத்து பிரஷரைக் குறைக்கின்றன. வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகம் வளரவும் ஓடவும் அதே பொருள்தான் வேண்டும். கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர். சிறுநீரகம் முடங்கினால் நீர் வற்றும். நீர் வற்றினால் நுரையீரல் விரிந்து வளராது, கைகால் மடங்கி இறுகிவிடும். இந்தக் கேடு பெரும்பாலும் நான்காம் மாதத்துக்குப் பிறகு வருவது. எனவே தெரியாமல் ஏழு வாரம் சாப்பிட்டுவிட்டதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனைக் கவனமாகப் பார்த்தால் போதும். அட்டெனலாலையும் தவிர்க்கிறார்கள், குழந்தையின் எடை குறைகிறது என்பதால்.

நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கலாமா? முன்பு பலர் அப்படித்தான் இருந்தார்கள். லேசான பிரஷர்தானே, மருந்து கொடுத்தால் குழந்தைக்கு ரத்தம் குறையும் என்று பயம். 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 2,408 பெண்களை வைத்து, அந்தப் பயம் வீண் என்று காட்டியது. 140/90-க்குக் கீழே வைத்தவர்களிடம் கடுமையான சிக்கல்கள் குறைந்தன. குழந்தைகளின் எடையும் அடிவாங்கவில்லை.

ஆக மூன்று மருந்துகள் மிஞ்சுகின்றன. பலரும் முதலில் நினைப்பது லேபெடலால். நம் பெண்ணுக்கு அது ஆகாது, மூச்சுக்குழலைச் சுருக்கி ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். மெத்தில்டோபா மிகப் பழைய மருந்து. அதைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளை ஏழரை வயது வரை பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், குறை எதுவும் தெரியவில்லை. இவ்வளவு நீண்ட சாட்சி மற்ற இரண்டுக்கும் இல்லை. ஆனால் அது மூளை வழியாக வேலை செய்கிறது. தூங்கி வழிய வைக்கும், மனச்சோர்வு உள்ளவரை மேலும் அமிழ்த்தும், நாளைக்கு மூன்று நான்கு வேளை விழுங்கவும் வேண்டும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நான் அதை முதலில் எழுத மாட்டேன்.

எனவே நிஃபெடிபின், மெதுவாகக் கரையும் ரிடார்ட் மாத்திரை, காலையும் இரவும். ரத்தக் குழாயை நேரடியாகத் தளர்த்தும். முதல் வாரம் தலைவலிக்கும், முகம் ஜிவ்வென்று சூடாகும், பிறகு கணுக்கால் வீங்கலாம். ஏழாவது வாரத்துத் தலைவலி மருந்தின் வேலை. இருபதாவது வாரத்துக்குப் பிறகு புதிதாக வரும் தலைவலியை, அதிலும் பார்வை மங்கலோ மேல்வயிற்று வலியோ சேர்ந்திருந்தால், மாத்திரையின் மேல் பழி போட்டு வீட்டில் இருக்கக் கூடாது. அது ப்ரீ-எக்லாம்ப்சியாவாக இருக்கலாம்.

நம் பெண்ணுக்கு 33-வது வாரத்தில் அதுதான் நடக்கிறது. பிரஷர் 168/112, பதினைந்து நிமிடம் கழித்து அளந்தாலும் அதே. இப்போது சில மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும். ஊசி வசதி இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்குப் பதில் நம் நாட்டிலேயே கிடைத்தது. நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில் இப்படிக் கடுமையான பிரஷரோடு வந்த 894 பெண்களுக்கு மூன்றில் ஒரு மருந்தை வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். நிஃபெடிபினும் லேபெடலாலும் தேவைப்பட்டால் மணிக்கொரு முறை திரும்பத் தரப்பட்டன. மெத்தில்டோபா ஒரே தடவை, ஒரு கிராம். ஆறு மணி நேரத்துக்குள், வேறு கெடுதல் இல்லாமல் கட்டுக்குள் வந்தவர்கள் நிஃபெடிபினில் 84 சதவீதம், லேபெடலாலில் 77, மெத்தில்டோபாவில் 76. 2019-ல் லான்செட் இதழில் வெளியானது. நிஃபெடிபின் முந்தியதைவிட, மந்தமான மருந்து என்று ஒதுக்கப்பட்ட மெத்தில்டோபா 76-ஐத் தொட்டதுதான் எனக்கு ஆச்சரியம். கையில் அது மட்டும் இருக்கும் சிறு ஆஸ்பத்திரி, அதைக் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

நிஃபெடிபின் கேப்ஸ்யூலை உடைத்து நாக்கின் அடியில் விடும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். பிரஷர் தடாலென்று விழும், நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தமும் கூடவே விழும். அவசரத்தில்கூட இலக்கு 120/80 அல்ல. அபாய எல்லையைவிட்டு, 150/100-க்குக் கீழே இறங்கினால் அப்போதைக்குப் போதும்.

பிரசவமானதும் மாத்திரை முடிந்தது என்று வீட்டில் நினைப்பார்கள். பிரஷர் மறுபடி ஏறுவது பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு. மெத்தில்டோபா சாப்பிட்டவர்களுக்கு மனச்சோர்வு பயத்தால் இரண்டு நாளுக்குள் மருந்தை மாற்றிவிடுவார்கள். நம் பெண் நிஃபெடிபினையே தொடரலாம். போதாவிட்டால், கர்ப்பத்தில் விலக்கிய எனலாப்ரிலை டாக்டர் இப்போது சேர்க்கலாம். தாய்ப்பாலில் அது மிகச் சொற்பமாகத்தான் கலக்கிறது.