ஷெல்ஃபைத் தாங்குவது துளைதான்

சுவரில் மாட்டிய புத்தக ஷெல்ஃப் ஒருநாள் பெயர்ந்து விழுந்தால், ஸ்க்ரூ சின்னது என்போம், அல்லது பிளக் மட்டம் என்போம். விழுந்த ஷெல்ஃபோடு கூட வந்த ஸ்க்ரூவை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அது உடைந்திருக்காது, வளைந்துகூட இருக்காது. பிளக்கையும் இழுத்துக்கொண்டு முழுசாகச் சுவரை விட்டு வந்திருக்கும். 5 மி.மீ. தடிமனுள்ள எஃகு ஸ்க்ரூவைக் குறுக்கே அறுக்க நூறு கிலோவுக்கு மேல் பாரம் வேண்டும். வீட்டு ஷெல்ஃபில் ஒரு ஸ்க்ரூவின் தலையில் அவ்வளவு ஏறுவதில்லை. ஆகவே பழி போய்ச் சேர வேண்டிய இடம் துளை. எந்த பிட்டால், எந்த அளவில், எவ்வளவு ஆழத்தில், சுவரின் எந்தப் பகுதியில் போட்டோம் என்பதுதான் ஷெல்ஃபின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 90 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலமுள்ள பிளைவுட் ஷெல்ஃப். புத்தகம் நிரம்பினால் பலகையோடு சேர்த்து 30 கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எல் பிராக்கெட் என்றால் ஒன்றுக்கு 15 கிலோ. இந்த எடை சுவரை ஒட்டி இறங்குவதில்லை. சராசரியாகச் சுவரிலிருந்து 12.5 செ.மீ. தள்ளி இறங்குகிறது. அதனால் பிராக்கெட் தன் அடிமுனையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மேல் ஸ்க்ரூவை வெளியே நெம்பப் பார்க்கும். அடிமுனைக்கும் மேல் ஸ்க்ரூவுக்கும் இடையே 15 செ.மீ. இருந்தால் நெம்பும் விசை 12.5 கிலோ. அதே இடைவெளி 5 செ.மீ. உள்ள குட்டி பிராக்கெட் என்றால் 37.5 கிலோ. இப்போது ஒரு குழந்தை ஒரு பிராக்கெட்டுக்கு நேரே முன்விளிம்பைப் பிடித்து 20 கிலோ எடையோடு தொங்கினால், பெரிய பிராக்கெட்டில் இன்னும் 33 கிலோ கூடும். குட்டி பிராக்கெட்டில் 100 கிலோ கூடும். எனவே ஷெல்ஃப் விழுவதும் நிற்பதும் மேல் ஸ்க்ரூ பிடுங்கி வருமா, வராதா என்பதில் இருக்கிறது. பிராக்கெட் வாங்கும்போது சுவரில் படியும் கை நீளமானதாகப் பார்த்து வாங்குவது இதனால்தான்.

பிடுங்கி வராமல் பிடித்துக்கொள்வது பிளக்கின் வேலை. 1910களின் தொடக்கத்தில் லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர், பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களை அதிகம் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்துவதற்காக, சணல் இழையை விலங்கு ரத்தத்தால் ஒட்டிக் குழலாக்கினார். கடைகளில் நாம் கேட்டு வாங்கும் ராவல் பிளக்கின் பெயர் அங்கிருந்து வந்தது. 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில், விரியும் வடிவில் செய்தார். பொருள் மாறினாலும் வேலை ஒன்றுதான்: ஸ்க்ரூ உள்ளே போகப் போக பிளக் விரிந்து துளையின் சுவரை நெருக்குகிறது, அந்த நெருக்கத்தால் எழும் உராய்வு ஸ்க்ரூவை நிறுத்துகிறது. பிளக் விரிவதற்கு ஓர் எல்லை உண்டு. துளை தேவைக்கு மேல் அகன்றிருந்தால், அந்த விரிவு முழுவதும் இடைவெளியை நிரப்புவதிலேயே தீர்ந்துபோய், நெருக்க ஒன்றும் மிஞ்சாது. மலிவான வெள்ளை பாலித்தீன் பிளக்குகளில் இன்னொரு குறையும் உண்டு. தொடர்ந்து அழுத்தப்பட்டால் அவை மெல்ல மெல்ல இளகிக் கொடுத்துவிடும். நைலான் அந்த அளவுக்குக் கொடுப்பதில்லை. கனமான ஷெல்ஃபுக்கு நைலானைத் தவிர வேறெதையும் வாங்க வேண்டாம்.

சரியான அளவுத் துளைக்குச் சரியான பிட் வேண்டும். இரும்புக்கான பிட் ஹைஸ்பீடு எஃகால் ஆனது; அதன் கூர் முனை உலோகத்தைச் சுருள் சுருளாகச் சீவி எடுக்கும். மர பிட்டின் நடுவே ஓர் ஊசிமுனை. அது இடம் விலகாமல் பிடிக்க, ஓரத்துக் கத்திகள் நாரை வெட்டும். செங்கல்லைச் சீவவும் முடியாது, வெட்டவும் முடியாது. நொறுக்கித்தான் ஆக வேண்டும். அதற்காகச் சுவர் பிட்டின் தலையில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். அது மழுங்கலாக இருப்பதைப் பார்த்துத் தேய்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. கூராக இருந்தால் அடிதாங்காமல் சில்லு பெயர்ந்துவிடும். இரும்பு பிட்டையே சுவரிலும் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பூச்சில் உள்ள மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் அளவில் அதன் கடினம் 7. எஃகு அதற்குக் கீழே, கார்பைடு மேலே. அதனால் ஒன்றிரண்டு துளையிலேயே இரும்பு பிட்டின் விளிம்பை மணல் அரைத்துத் தின்றுவிடும். பிறகு அது வெட்டாமல் தேய்க்கும், சூடேறும். கையை ஆட்டி ஆட்டித் தள்ளுவோம், துளை வாயகன்றுபோகும். மறுபக்கம், சுவர் பிட்டை மரத்தில் போட்டால் வெட்டாமல் உரசிப் புகைய வைக்கும்.

நல்ல சுவர் பிட் இருந்தும் துளை கெடுவதற்கு முக்கியமான காரணம் ஹேமர். கான்கிரீட்டுக்கு அந்த அடி தேவை. நம் சூளைச் செங்கல் அவ்வளவு கெட்டியில்லை. அடி பலமானால் துளையின் ஓரங்கள் உதிர்ந்து, 8 மி.மீ. துளை 9 ஆகிவிடும். முதலில் ஹேமரை அணைத்துவிட்டு, மெதுவான சுழற்சியில் தொடங்குங்கள். முன்னேறவே இல்லை என்றால் மட்டும் போடுங்கள். உள்ளே எங்கே இருக்கிறோம் என்பதைத் தூள் சொல்லிவிடும். முதலில் சாம்பல் நிறம் வந்தால் அது பூச்சு. அடுத்து சிவப்பு வந்தால் செங்கல். சிவப்பே வராமல் சாம்பல் நிறமே தொடர்ந்தால், அல்லது பிட் திடீரென்று வழுக்கி உள்ளே போனால், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்து இணைப்பில் இறங்கியிருக்கிறோம். மூன்று, நான்கு செ.மீ. மேலோ கீழோ தள்ளிப் போட்டால் கல் கிடைக்கும்.

ஆழத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 8 மி.மீ. பிளக்கின் நீளம் வழக்கமாக 40 மி.மீ. சுவர்ப் பூச்சு 15 மி.மீ. என்றால், பிளக்கைச் சுவர் மட்டத்தோடு நிறுத்தும்போது கல்லுக்குள் இருப்பது 25 மி.மீ. மட்டுமே. மீதி, கல்லைவிட எளிதில் பெயரும் பூச்சில் நிற்கிறது. பிளக் முழுவதும் கல்லுக்குள் போகும்படி தட்டி இறக்க வேண்டும். அப்போது ஸ்க்ரூவின் நீளம்: பிளக் 40, பூச்சு 15, பிராக்கெட் தகடு 3, முனை பிளக்கைக் கடந்து நீட்ட 5, ஆக 63 மி.மீ. பத்தாம் நம்பர், இரண்டரை அங்குல ஸ்க்ரூ இதற்குப் பொருந்தும். துளை 70 மி.மீ. ஆழம் இருக்கட்டும், பிட்டில் அந்த இடத்தில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் போதும். உள்ளே தங்கிய தூளை ஊதி வெளியேற்றாவிட்டால் பிளக் தூளின் மேல் வழுக்கும்.

இவ்வளவு எதற்கு, 12 மி.மீ. பிளக்கைப் போட்டுவிட்டால் போகிறது என்று சொல்லலாம். கல்லின் ஓரத்தருகே பெரிய பிளக் விரிந்தால் கல்லே விரிசல் விடும். பூச்சில் நின்றால் எந்த அளவும் உதவாது. இரும்பு ஆங்கர் போல்ட்டும் அப்படித்தான். கான்கிரீட்டில் அது பிரமாதம், செங்கல்லில் ஓரிடத்தில் அழுத்திப் பிளந்துவிடும். அந்தக் காலத்தில் மரக்கட்டை அடித்துத்தானே மாட்டினார்கள், இன்னும் நிற்கிறதே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். நிற்பவை உண்டு. பெரிய குழி வெட்டி, கட்டையைச் சாந்தில் பதித்தவை அவை. சின்னத் துளையில் அடித்த கட்டை, காய்ந்து சுருங்கியதும் பிடியை விட்டுவிடும். இங்கே சொன்னதெல்லாம் முழுச் செங்கல் சுவருக்குத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹாலோ பிளாக், ஏஏசி பிளாக் சுவர்களுக்கு அவற்றுக்கென்றே செய்த பிளக்குகள் தனி.

கடைசியாக, ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், திருகியே ஏற்றுங்கள். முடிவை நெருங்கும்போது கைக்கு இறுக்கம் கூடிக்கொண்டே வர வேண்டும். கூடாமல் ஸ்க்ரூ சும்மா சுற்றினால் அந்தத் துளை போய்விட்டது என்று பொருள். தீக்குச்சி செருகி ஒப்பேற்றாமல், அதைச் சாந்தால் அடைத்துவிட்டு, பிராக்கெட்டைத் தள்ளி வைத்துப் புதுத் துளை போடுங்கள்.