வினைமுற்று வருவதற்குள்

அக்கா மகளின் வரவேற்பில் நான் மூன்று நிமிடம்தான் பேசினேன். மேடையிலிருந்து இறங்கிப் பந்திக்குப் போகும் வழியில் பெரியம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏண்டா, நம்ம பொண்ணு கை நீட்டும்னா மைக்குல சொன்ன? சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"

நான் சொன்னது, "யாரிடமும் எதற்காகவும் கை நீட்டியதில்லை." பெரியம்மா உட்கார்ந்திருந்த ஆறாவது வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது 'கை நீட்டி' மட்டும். மிச்சத்தை மண்டபம் தின்றுவிட்டது. யாரிடமும் காசு கேட்காத பெண், அடிக்கக் கை ஓங்குகிற பெண்ணாகிவிட்டாள்.

மைக் செட்காரர் மேல்தான் முதலில் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து, எழுதிவைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் தப்பு என் பேனாவில் இருந்தது தெரிந்தது. நான் எழுதியிருந்த வாக்கியம் இது:

"பள்ளிப் பருவத்திலேயே தந்தையை இழந்து, தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றிய தாயின் சுமையை உணர்ந்து, மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்தப் பணத்திலேயே கல்லூரிக் கட்டணத்தையும் கட்டிப் படித்த எங்கள் வீட்டுப் பெண், யாரிடமும் எதற்காகவும் கை நீட்டியதில்லை."

தாளில் படித்தால் குறை தெரியாது. இழந்து, உணர்ந்து, கொடுத்து என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் முடிச்சுப் போடுவது நம் உரைநடையின் பழைய வழக்கம். படிக்கிறவருக்கு இடையில் ஏதாவது நழுவினால் கண் பின்னால் போய் எடுத்துக்கொள்ளும். காது பின்னால் போகாது. 'தந்தையை' என்ற சொல் போகும்போது பக்கத்து நாற்காலிக் குழந்தை வீல் என்று கத்தினால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் யாரைப் பற்றி என்றே கேட்பவருக்குத் தெரியாது.

தமிழில் பேசுபவருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். நடந்ததா நடக்கவில்லையா என்பதோ அந்த வினையின் வாலில் இருக்கும். 'நீட்டியது', 'நீட்டியதில்லை' இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி அசைகளில்தான். நீண்ட வாக்கியத்தைப் பேசுபவருக்கு அந்த இடத்தில் மூச்சு தீர்ந்து குரல் இறங்கும். அடுத்த வரியைத் தேடித் தலையும் குனியும். அர்த்தம் முழுக்க எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஒலி மிகக் குறைவாக இருக்கிறது.

மண்டபமும் அதே இடத்தில்தான் அடிக்கும். பேச்சில் உயிரொலிகள் பலமானவை, மெய்யொலிகள் பலவீனமானவை. ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மெய்யொலிகள். நம் கல்யாண மண்டபங்களில் தரை கிரானைட், சுவர் வழவழப்பு, திரைச்சீலை கிடையாது. ஒலியை உறிஞ்ச ஒன்றும் இல்லாததால், நீங்கள் சொன்ன 'ஆ' சுவரில் பட்டுத் திரும்பி வந்து, அடுத்து நீங்கள் சொல்லும் 'த'வின் மேல் உட்கார்ந்துகொள்ளும். குரலை உயர்த்தினால் இது சரியாகாது. உங்கள் சொல் எவ்வளவு ஏறுகிறதோ அதே அளவு எதிரொலியும் ஏறும். ஜனங்களும் குரலை உயர்த்துவார்கள். சுற்றுச் சத்தம் கூடும்போது மனிதர்கள் தங்களை அறியாமலே உரக்கப் பேசுவார்கள் என்பதை லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதிவிட்டார். பெட்டியில் சத்தத்தைக் கூட்டக் கூட்ட, மொய் எழுதுகிற மேஜையிலும் குரல் கூடும்.

ஆகவே திருத்த வேண்டியது வாக்கியத்தைத்தான். அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, இனி எழுதினால் எப்படி எழுதுவேன் என்று மறுபடி எழுதிப் பார்த்தேன்:

"பாப்பா ஒன்பதாவது படிக்கிறப்ப அவ அப்பா போயிட்டாரு. / வீட்டுல மிச்சம் ஒரு தையல் மெஷின், எங்க அக்கா, பாப்பா. // சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்க திண்ணையில பத்துப் பிள்ளைங்க உட்கார்ந்திருக்கும். டியூஷன். / டீச்சர் யாரு? / பாப்பா! // அந்த டியூஷன் காசுல காலேஜ் ஃபீஸ் கட்டினா. / மூணு வருஷமும் அவளே கட்டினா. / நான் கொடுக்கிறேன்னு போனேன். 'வேண்டாம் மாமா, இருக்கு'ன்னுட்டா."

சொற்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு மூச்சுக்குள் முடிந்து நிற்கிறது. ஒன்று காதில் விழாமல் போனாலும் அடுத்தது தனியாக நிற்கும். குழந்தை கத்திய நேரத்தில் தையல் மெஷின் போனால் போகட்டும், திண்ணையும் டியூஷனும் கிடைக்கும். நீட்டியதில்லை என்ற எதிர்மறையை எடுத்துவிட்டு, 'அவளே கட்டினா' என்று நேராகச் சொல்லியிருக்கிறேன். இதில் வால் அறுந்தாலும் பொருள் தலைகீழாகாது. கட்டினா என்ற செய்தி இரண்டு முறை வருகிறது. படிக்கிறவருக்கு அது கூறியது கூறல். கேட்கிறவருக்கு முதல் தடவை தவறவிட்டதைப் பிடிக்கிற இடம்.

'டீச்சர் யாரு?' என்ற கேள்வி அலங்காரத்துக்காக வைத்ததல்ல. கேள்வி கேட்டால், பேசிக்கொண்டிருப்பவர்கூட ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். அந்த நொடியில் பதில் ஒற்றைச் சொல்லாக, முன்னும் பின்னும் மௌனத்தோடு விழுகிறது. சாய்கோடுகள் அந்த மௌனத்துக்கானவை. ஒரு கோடு என்றால் மூச்சு விடுகிற நேரம். இரண்டு கோடு என்றால் மனசுக்குள் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணுகிற நேரம். அதற்குள் மண்டபத்து எதிரொலி அடங்கி, அடுத்த சொல் சுத்தமான இடத்தில் விழும். மேடையில் இரண்டு நொடி மௌனம் பேசுபவருக்கு இரண்டு நிமிடம் மாதிரி இருக்கும். கீழே இருப்பவர்களுக்கு அது நிறுத்தம் என்றே தோன்றாது. யாராவது சிரித்தால் சிரிப்பு பாதி அடங்கும்வரை பொறுங்கள். அதற்கு மேல் சொன்னதெல்லாம் வீண்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்று சிலர் தயங்குவார்கள். மேடை என்றதும் நமக்குச் செந்தமிழ் வந்துவிடுகிறது. சுயமரியாதைத் திருமணங்களில் வாழ்த்துரைதான் கல்யாணமே. 1967இல் அண்ணா ஆட்சியில் அந்தத் திருமணங்களுக்குச் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே, ஊர் கூடி உட்கார்ந்து மணிக்கணக்கில் கேட்டது. அடுக்குமொழியும் அங்கே எடுபட்டது, கேட்கவென்றே வந்த கூட்டம் அது. இன்றைய வரவேற்புக்கு வருகிறவர் பரிசுக் கவரோடு வரிசையில் நிற்கிறார், ஒரு கண் பந்தி மேல் இருக்கிறது. அவரிடம் வீட்டுத் தமிழில் பேசினால் பாதிச் சொல் கேட்டாலே மீதியை அவரே ஊகித்துக்கொள்வார். 'இல்லறம் எனும் நல்லறத்தில்' என்று தொடங்கினால் ஊகிக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்து, காதை மூடிக்கொண்டு போய்விடுவார்.

முதல் பத்து நொடி எப்படியும் வீணாகும், அதைக் கணக்கில் வைத்தே எழுத வேண்டும். யார் பேசுகிறார்கள் என்று தலைகள் திரும்ப அவ்வளவு நேரமாகும். அங்கே நல்ல வரியை வைக்காதீர்கள். "எல்லாருக்கும் வணக்கம். நான் பொண்ணோட தாய்மாமா" போதும். மைக் வேலை செய்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும், தட்டிப் பார்க்க வேண்டாம், ஊதவும் வேண்டாம். நீளத்தைப் பொறுத்தவரை, நிறுத்தங்களோடு பேசினால் எனக்கு நிமிடத்துக்கு எண்பது தொண்ணூறு சொல்தான் போகிறது. மூன்று நிமிடத்துக்கு 250 சொல். அதற்கு மேல் எழுதினால் கடைசியில் அவசரப்படுவீர்கள், அவசரத்தில் முதலில் சாவது அந்த வினைமுற்றுதான்.

இனி மைக். வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில், உதட்டுக்கு நேரே இல்லாமல் மோவாய்ப் பக்கமாகச் சற்றுக் கீழே பிடிக்க வேண்டும். நேரே பிடித்தால் 'பாப்பா' என்கிற ஒவ்வொரு தடவையும் காற்று மோதி 'டப் டப்' என்று பெட்டி அதிரும். தூரம் இரண்டு மடங்கானால் மைக்கை அடையும் குரலின் அழுத்தம் ஏறத்தாழ பாதியாகிவிடும். மைக் செட்காரர் அதைச் சரிக்கட்ட ஒலியைக் கூட்டுவார், கூட்டினால் பெட்டியிலிருந்து வரும் சத்தம் திரும்ப மைக்கில் புகுந்து 'கூ...' என்று கத்தும். சினிமாப் பாடகர்கள் மாதிரி மைக்கின் கம்பி வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும், பெட்டிக்கு முன்னால் நடந்து போனாலும் அதே கதைதான். வாய் திரும்புகிற பக்கமெல்லாம் மைக்கும் திரும்ப வேண்டும். மாப்பிள்ளை பக்கம் திரும்பி, மைக்கை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மேடை ஏறுவதற்கு முன் மைக் செட்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "அண்ணே, எக்கோவை எடுத்துடுங்க, பேசப் போறேன்." மெல்லிசைக் குழு பாடியிருந்தால் பாட்டுக்காக வைத்த எக்கோ அப்படியே கிடக்கும். பாட்டுக்கு அது அழகு. பேச்சுக்கோ, மண்டபம் கொடுக்கும் எதிரொலி போதாதென்று நாமே இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்கிய மாதிரி.

ஒரு கை மைக்குக்குப் போய்விடுவதால் மீதி ஒரு கையால் சமாளிக்கிற மாதிரி எழுதிக்கொள்ள வேண்டும். மடித்த முழுத்தாள் மைக்கருகில் சரசரக்கும். செல்போனில் வைத்துக்கொண்டால் பேச்சின் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், அதுவும் பெரும்பாலும் மண்டபத்துக்கு வழி கேட்டு. அஞ்சலட்டை அளவு கெட்டி அட்டை நாலு போதும். வீடியோ லைட் முகத்தில் அடிக்கும்போதும் தெரிகிற மாதிரி பெரிய எழுத்து, ஒரு அட்டையில் ஒரு காட்சி, மூலையில் எண். அட்டையின் மேல்பாதியில் மட்டும் எழுதுங்கள். கீழ்ப்பாதி வரை எழுதினால் கண்ணோடு தலையும் இறங்கும், வாய் மைக்கை விட்டு விலகும்.

ஒத்திகைக்கு வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போது, டிவி ஓடும்போது, அடுத்த அறையில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுங்கள். பிறகு "என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள். நன்றாக இருந்ததா என்று கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள், அதில் ஒன்றும் தெரியாது. அவர் திருப்பிச் சொல்லாத வரி எதுவோ, அது மண்டபத்திலும் யாருக்கும் கேட்காது. அதை எடுத்துவிடலாம், அல்லது இரண்டாகப் பிளக்கலாம்.

போன தை மாதம் பாப்பாவின் தம்பிக்குக் கல்யாணம். பேச்சு எழுதி, பெரியம்மாவைச் சமையலறையில் உட்கார்த்தி, நான் கூடத்திலிருந்து படித்தேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு வரியில் எட்டைத் திருப்பிச் சொன்னார். மற்ற மூன்றையும் அடித்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன்.