டிசைனர் திரும்பக் கேட்காத காப்பி டெக்

ஸ்லைடுகளில் வரவேண்டிய எழுத்து முழுவதையும் ஸ்லைடு வாரியாக எழுதி டிசைனரிடம் கொடுக்கும் ஃபைலுக்குத்தான் காப்பி டெக் என்று பெயர். வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ இருக்கும் சாதாரண ஃபைல்தான். ஆனால் அதை அனுப்பிய அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "இந்த வரி ஸ்லைடில் வரணுமா, இல்ல பேசுறவர் சொல்றதா?" "40 சதவீதம்னா எதோட ஒப்பிட்டு?" "கிராஃபுக்கு நம்பர் எங்க சார்?"

இவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. திரையில் தெரிய வேண்டியது, மேடையில் வாயால் சொல்ல வேண்டியது, டிசைனருக்கு மட்டுமான குறிப்பு ஆகிய மூன்றையும் எழுதுபவர் ஒரே பத்தியில் கலந்துவிடுகிறார். எழுதியவருக்கு எது எது என்று தெரியும். பொருளே புதிதான டிசைனருக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் 'இங்கே நல்ல படம் போடவும்' என்ற குறிப்பே சில சமயம் அச்சு மாறாமல் ஸ்லைடில் ஏறிவிடுகிறது.

ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஸ்லைடுகள் தயாராவதாக வைத்துக்கொள்வோம். எழுதுபவர் முதலில் இப்படி எழுதியிருக்கிறார்: 'பால் வரத்து நன்றாக உயர்ந்துள்ளது (40%), கிராஃப் போடலாம், புதிய குளிரூட்டும் நிலையம் பற்றியும் சொல்லணும்.' இதை வைத்து எந்த டிசைனரும் வேலையைத் தொடங்க முடியாது. அதையே பிரித்து எழுதினால் இப்படி வரும்:

ஸ்லைடு 4
திரையில், தலைப்பு: இரண்டு ஆண்டுகளில் பால் வரத்து 40% கூடியது
திரையில், கிராஃப்: தினசரி சராசரி, லிட்டரில். 2022-23: 1,840. 2023-24: 2,110. 2024-25: 2,576.
திரையில், அடிக்குறிப்பு: ஆதாரம்: சங்கத்தின் கொள்முதல் பதிவேடு
பேச்சில்: குளிரூட்டும் நிலையம் வந்த பிறகு மாலைப் பால் கெடுவது நின்ற கதை.
டிசைனருக்கு: பார் கிராஃப், பூஜ்ஜியத்தில் தொடங்கவும். கடைசி பார் மட்டும் அழுத்தமான நிறத்தில்.

கிராஃபை எக்செலிலிருந்து படமாக எடுத்து ஒட்டினால் டிசைனர் கண்ணால் பார்த்து எண்களைத் தட்ட வேண்டியிருக்கும். தவறு நுழைவது அங்கேதான். எண்களை எழுத்தாகவே கொடுத்துவிட வேண்டும். எண்கள் இருந்தால் தலைப்பைச் சரிபார்க்கவும் முடியும்: 1,840 எங்கே, 2,576 எங்கே என்று கணக்குப் போட்டால் 40 சதவீதம் சரியாக வருகிறது. கடந்த ஆண்டோடு ஒப்பிட்டால் 22 சதவீதம்தான். 'இரண்டு ஆண்டுகளில்' என்ற சொற்கள் தலைப்பில் இல்லாவிட்டால், டிசைனர் கேட்காமல் விட்டாலும் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள்.

தமிழ் ஸ்லைடுகளுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. பழைய பாமினி ஃபான்ட்டில் தட்டியதை அனுப்பினால், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் 'தமிழ்' என்பது jkpo; என்று தெரியும். ஆகவே யூனிகோடில்தான் தட்ட வேண்டும். அப்போதும், இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் கொ, கே, கை போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்கலாம். தமிழ் படிக்கத் தெரியாத டிசைனர் கண்ணில் அது படாது. ஃபைலோடு ஒரு பி.டி.எஃப். பிரதியையும் அனுப்பிவிட்டால் அவர் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். தலைப்பை எங்கே மடிக்கலாம் என்பதையும் நாமே காட்டிவிடுவது நல்லது. 'பால் வரத்து 40%' என்பதோடு ஒரு வரி முடிந்து 'கூடியது' மட்டும் கீழே தனியாக நின்றால் பார்க்கச் சகிக்காது.

படங்களுக்கு ஃபைல் பெயரைக் குறித்தால் போதும். முடிவாகாத விவரம் இருந்தால், அந்த இடத்தில் யாரிடமிருந்து, என்றைக்குள் வரும் என்று எழுதிவிடுங்கள். வெறும் கேள்விக்குறி போட்டால் டிசைனர் அந்த ஸ்லைடை ஒதுக்கிவைப்பார், அல்லது ஊகித்து நிரப்புவார். இரண்டாவதுதான் ஆபத்து.

ஃபைலை அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு ஸ்லைடையும் காகிதத்தில் பென்சிலால் கட்டம் போட்டு வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லக் கூடாது. பென்சில் நிற்கும் இடமெல்லாம் டிசைனர் கேட்கப்போகும் கேள்வி.

வடிவமைப்பு தொடங்கிய பிறகு முழு ஃபைலையும் திருத்தி மறுபடி அனுப்பாதீர்கள். எங்கே மாறியது என்று டிசைனர் தேடிக்கொண்டே இருப்பார். 'ஸ்லைடு 4, கிராஃப், 2,110 என்பது 2,130 ஆகிறது' என்று மாற்றத்தை மட்டும் அனுப்புங்கள். அதை ஒரே ஆள் அனுப்பட்டும். செயலாளர் ஒரு திருத்தமும் கணக்காளர் வேறொரு திருத்தமும் தனித்தனியே அனுப்பினால், எது கடைசி என்று டிசைனர் மறுபடி கேட்கத்தான் செய்வார்.