இன்டர்வியூவில் பேசியவர்தான் வேலைக்கு வந்தவரா?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் தொழிற்சாலைகளில், இன்ஜினீயர் வேலைக்கான முதல் சுற்று இன்டர்வியூ பல இடங்களில் வீடியோ காலில் முடிந்துவிடுகிறது. மதுரையிலோ சேலத்திலோ இருப்பவருக்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் கட்டணமும் மிச்சம். ஆனால் திரையில் பேசியவரே நாளை ஷிஃப்டுக்கு வருவாரா என்ற சந்தேகமும் கூடவே வந்துவிட்டது.

அது வீண் சந்தேகமும் இல்லை. ஆன்லைன் இன்டர்வியூவில் தனக்குப் பதிலாக நண்பரைப் பேசவைத்து ஐடி வேலை வாங்கிய ஒருவர், சேர்ந்த இரண்டு வாரங்களில் சிக்கிய வழக்கு 2025இன் தொடக்கத்தில் வெளியானது. இன்டர்வியூவில் சரளமாக ஆங்கிலம் பேசியவர் அலுவலகத்தில் தடுமாறியதுதான் முதல் துப்பு. நம் ஊரில் 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெடித்த நீட் ஆள்மாறாட்டமும், தேர்வு எழுதியவரின் படமும் கல்லூரியில் சேர்ந்தவரின் முகமும் பொருந்தாததால்தான் அம்பலமானது. இரண்டிலும் காட்டிக்கொடுத்தது பழைய பதிவையும் நேரில் நிற்பவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒப்பீடு.

ஆள் மாறாமல், பதில் மட்டும் வேறொருவரிடமிருந்து வருவதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. கேள்வியைத் திரும்பச் சொல்லி நேரம் வாங்குவது, கண் வரிவரியாக இடமிருந்து வலம் நகர்வது, மூக்குக் கண்ணாடியில் இன்னொரு திரை தெரிவது, உதடும் குரலும் ஒட்டாமல் போவது என்று அறிகுறிகள் உண்டு. திருடிய அடையாளத்தோடும் போலி வீடியோவோடும் சிலர் இன்டர்வியூவுக்கு வருவதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 ஜூனில் எச்சரித்தபோது, இருமலும் தும்மலும் உதட்டசைவோடு பொருந்தாததை அடையாளமாகச் சொன்னது.

ஆனால் இவற்றில் எதுவும் சான்று ஆகாது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்லும் டிப்ளமோ பையன் நிச்சயம் தயங்குவான். ஒரே அறையில் நான்கு பேர் இருக்கும் வீட்டில் பின்னால் பேச்சுக்குரல் கேட்கத்தான் செய்யும். சிக்னல் விட்டுவிட்டு வந்தால் உதடு தப்பும். இதை வைத்து ஒருவரை நிராகரிப்பது அநியாயம். “தமிழிலேயே சொல்லலாம்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். மிச்சமிருக்கும் தயக்கத்தை அப்புறம் கவனிக்கலாம்.

கண்ணைத் துரத்துவதைவிடக் கேள்வியை மாற்றுவது பலன் தரும். குவாலிட்டி இன்ஜினீயர் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஷாஃப்டின் வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர், கூடக்குறைய 0.02 வரை போகலாம். ஒரே ஷிஃப்டில் அளவு 25.002, 25.006, 25.011, 25.016 என்று ஏறுகிறது. ஏன்? “இன்சர்ட் தேய்கிறது” என்ற பதிலை யாரும் காதில் ஓதிவிடலாம். அங்கே நிறுத்தாமல் அடுத்ததைக் கேட்க வேண்டும். இதே தேய்மானம் துளையின் உள்விட்டத்தில் நடந்தால் அளவு ஏறுமா, இறங்குமா? இறங்கும். முனை தேய்ந்தால் குறைவாகத்தான் வெட்டும். வெளிப்புறம் தடிமனாக நிற்கும், துளை சிறுத்துப்போகும். எதை வைத்து அளந்தீர்கள்? 0.02 மட்டுமே காட்டும் வெர்னியரில் இந்த ஏற்றம் பிடிபடாது, மைக்ரோமீட்டர் வேண்டும். அடுத்த பீஸ் 25.020ஐத் தாண்டும் முன் ஆஃப்செட்டை எந்தப் பக்கம் மாற்றுவீர்கள்? மெஷின் பக்கத்தில் நின்றவர் தப்பாகச் சொன்னாலும், எப்படி யோசித்தேன் என்று காட்டிவிடுவார். ஓதுபவரை நம்பியிருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் அதே நேரம் எடுத்துக்கொண்டு புத்தக வாசகத்துக்கே திரும்பி வருவார்.

சரிபார்ப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்: தொடக்கத்தில் அடையாள அட்டை பார்ப்போம், சம்மதம் கேட்டு ஒரு படம் எடுப்போம், அதை வேலையில் சேரும் நாளில் ஒப்பிடுவோம். கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதும். தேர்வாகாதவரின் படத்தை அழித்துவிட வேண்டும். சந்தேகப்பட்டவரை மட்டும் கேமராவை வீடு முழுக்கச் சுற்றிக் காட்டச் சொல்வது சரிபார்ப்பு ஆகாது, அவமதிப்பு.

சந்தேகம் தட்டினால் குற்றம் சாட்டாமல், எந்தக் கேள்வியில் என்ன கண்டீர்கள் என்று எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பைக் காட்டாமல் வேறொருவர் மறுபடி பேசட்டும். இறுதிச் சுற்றைப் பட்டறையிலேயே வைத்துவிடலாம். போக்குவரத்துச் செலவை நிறுவனமே ஏற்கட்டும். ஷாஃப்டையும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்து நான்கு பீஸை அளக்கச் சொன்னால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஆள்மாறாட்டம் உறுதியானால் அது காவல் நிலைய விஷயம். பாரதிய நியாய சன்ஹிதா 319ஆம் பிரிவில் 5 ஆண்டு வரையும், கணினி வழியாக நடந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரையும் சிறை உண்டு. நண்பனுக்காகத் திரை முன் உட்காரும் பையன்களுக்கு இது தெரிவதில்லை. இன்டர்வியூ அழைப்பிலேயே இரண்டு வரியாக இதைச் சேர்த்து அனுப்பலாம்.