'Item Bagged' என்றால் சேலை எங்கே?

ஈரோட்டுக் கடை ஒன்றில் ஆன்லைனில் சேலை வாங்குகிறீர்கள். வீடு திருநெல்வேலியில் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை மாலை கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஓர் எண்ணை அனுப்பி, "ஸ்பீடு போஸ்ட்ல போட்டாச்சுங்க, பாத்துக்கங்க" என்கிறார். அந்த எண்ணை indiapost.gov.in தளத்தில் போட்டால், அப்படி ஒரு எண்ணே இல்லை என்று பதில் வருகிறது. ஏமாந்துவிட்டோமோ என்ற கவலை அங்கேயே தொடங்கிவிடும்.

முதலில் எண்ணைச் சரிபாருங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN என்று மொத்தம் 13 குறிகள் இருக்க வேண்டும். ஸ்பீடு போஸ்ட் என்றால் முதல் எழுத்து E. ஒன்பது இலக்கங்களில் கடைசியானது வெறும் வரிசை எண் அல்ல, முன்னாலுள்ள எட்டையும் சோதிக்கும் இலக்கம். EM123456785IN என்ற மாதிரி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 204 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 6. அந்த மீதியை 11-இலிருந்து கழித்தால் 5, அதுதான் ஒன்பதாவது இலக்கம். (கழித்து 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் கொள்ள வேண்டும்.) உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த கணக்கு இது. கணக்கு பொருந்தவில்லை என்றால் கடைக்காரர் எண்ணைத் தப்பாகத் தட்டியிருக்கிறார்.

கணக்கு சரியாக இருந்தும் தளத்தில் எதுவும் இல்லையா? நிறையப் பார்சல் அனுப்பும் கடைகள் பார்கோடு ஒட்டிகளை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும். ஒட்டியதுமே எண் உங்களுக்கு வந்துவிடும். பார்சல் இன்னும் கடை மூலையில்தான் கிடக்கும். அஞ்சலகக் கவுன்ட்டரில் எடைபோட்டு, காசு வாங்கி, பதிந்த பிறகுதான் 'Item Booked' தோன்றும். அந்த வரி வராதவரை பொருள் கடைக்காரர் பொறுப்பு. அஞ்சலகத்தைக் கேட்டுப் பயனில்லை.

செவ்வாய்க்கிழமை பார்த்தால் 'Item Bagged' என்று இருக்கும், அடுத்து 'Dispatched'. அதன்பின் நீண்ட மௌனம். பலரும் பதறுவது இந்த இடத்தில்தான். உங்கள் பார்சல் தனியாகப் பயணம் போவதில்லை. ஒரே திசைக்குப் போகும் பார்சல்கள் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யப்பட்டு ஒரு தபால் பையில் போகும். பையின் வாய் கட்டப்பட்டு, பைக்கென்று தனி பார்கோடு தொங்கவிடப்படும். அதற்குப் பிறகு ரயிலடியிலும் வண்டி மாற்றும் இடத்திலும் ஸ்கேன் ஆவது பைதானே ஒழிய உள்ளே இருக்கும் சேலை அல்ல. சேரவேண்டிய தரம்பிரிப்பு மையத்தில் பையைத் திறந்து, பார்சலை மறுபடி கையிலெடுத்துப் பார்கோடைக் காட்டும்போதுதான் 'Item Received' வரும். ஆகவே ஒன்றிரண்டு நாள் எந்தச் செய்தியும் இல்லாவிட்டால் பார்சல் தொலைந்தது என்று பொருளல்ல. பை இன்னும் திறக்கப்படவில்லை என்றுதான் பொருள்.

மௌனத்தைவிடக் கவனிக்க வேண்டியது ஊர்ப்பெயர். திருநெல்வேலிக்குரிய 627001-ஐ எழுதும்போது கை தவறி 637001 என்று விழுந்துவிட்டால் பார்சல் நாமக்கல்லுக்குப் போகும். பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்துத்தான் மாவட்டம் பிரிக்கிறார்கள். அதற்குக் கீழே எழுதியிருக்கும் தெருப்பெயரை அந்தக் கட்டத்தில் யாரும் படிப்பதில்லை. 'Received' வரியில் சம்பந்தமே இல்லாத ஊர் வந்தால் உடனே கடைக்காரரை அழைத்து, உறையில் எழுதிய பின்கோடைப் படிக்கச் சொல்லுங்கள். தரம்பிரிப்பு மையத்தின் ஊர் நம் ஊராக இல்லாமலிருப்பது இயல்பு. விநியோக அஞ்சலகமே வேறு ஊராக இருப்பதுதான் கோளாறு.

'Out for Delivery' வந்த அன்று காலை, பார்சல் உங்கள் தெருவுக்குரிய தபால்காரர் கணக்கில் ஏறிவிட்டது. கிராமமாக இருந்தால் இடையில் இன்னொரு படி உண்டு: துணை அஞ்சலகத்திலிருந்து கிளை அஞ்சலகத்துக்குப் பை கட்டி அனுப்புவார்கள். சிக்னல் சரியில்லாத ஊரில் பார்சல் கைக்கு வந்தபிறகும் தளத்தில் பழைய வரியே நிற்பதுண்டு.

வாங்குபவர் தாமே எழுந்து நடக்க வேண்டிய நிலை 'Door Locked' அல்லது 'Addressee Absent'. தபால்காரர் வந்தார், ஆளில்லை, பார்சல் அஞ்சலகத்துக்குத் திரும்பிவிட்டது. பொதுவாக ஏழு நாள் வைத்திருந்து, யாரும் கேட்டு வராவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். நாளைக்கு மறுபடி வருவார் என்று காத்திருக்காமல், அடையாள அட்டையோடும் பார்சல் எண்ணோடும் விநியோக அஞ்சலகத்துக்குப் போய் வாங்கிவிடுவது நல்லது. வாசலில் நாள் முழுக்க ஆளிருந்தும் 'Door Locked' என்று பதிவாகியிருந்தால், அதே அஞ்சலகத்தில் போஸ்ட் மாஸ்டரிடம் அன்றே சொல்லுங்கள். அன்று அந்தத் தெருவுக்கு யார் வந்தார் என்பது அவருக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது.

'Insufficient Address' வந்தால் கதவு எண்ணோ தெருவோ போதவில்லை என்று பொருள். இதையே தூண்டிலாக்கி ஒரு மோசடி நடக்கிறது. முகவரி முழுமையாக இல்லாததால் பார்சல் நிற்கிறது, இத்தனை மணி நேரத்துக்குள் இணைப்பை அழுத்தித் திருத்துங்கள் என்று அஞ்சல் துறை பெயரில் எஸ்எம்எஸ் வரும். அழுத்தினால் அட்டை விவரம் கேட்கும். அஞ்சல் துறை அப்படிச் செய்தி அனுப்புவதில்லை. நிலவரத்தை நீங்களே தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள், முகவரியைச் சொல்ல அஞ்சலகத்துக்குப் பேசுங்கள்.

கடைசியாக 'Item Delivered'. தளம் அப்படிச் சொல்ல, கையில் பொருள் இல்லையென்றால்? ஸ்பீடு போஸ்ட் முகவரிக்குச் சேர்க்கும் சேவை; வீட்டிலிருக்கும் வேறொருவர் வாங்கிக்கொண்டாலும் சேர்ந்ததாகவே கணக்கு. பெயருக்குரியவர் கையிலேயே கொடுப்பது பழைய ரிஜிஸ்டர் தபாலின் குணம். 2025-இல் அது ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டு, இப்போது கூடுதல் வசதியாகிவிட்டது. ஒரு பார்சலுக்கு 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டினால் 'பதிவு' சேரும். அதே கட்டணத்தில் ஓடிபி சொன்னால்தான் கொடுக்கும் வசதியும் உண்டு. எனவே முதலில் வீட்டாரையும் அக்கம்பக்கத்தையும் கேளுங்கள். பிறகு விநியோக அஞ்சலகத்தில் யார் பெற்றுக்கொண்டதாகப் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் திருப்தியில்லையென்றால் தளத்திலோ 1800 266 6868 என்ற இலவச எண்ணிலோ புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். கவுன்ட்டர் ரசீது கடைக்காரரிடம்தான் இருக்கும். அதன் படத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விலை உயர்ந்த பொருள் வாங்கும்போது, அனுப்புவதற்கு முன்பே கடைக்காரரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: ஓடிபி வசதியோடு அனுப்பச் சொல்லுங்கள், உறையில் உங்கள் செல்போன் எண்ணைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். கதவு பூட்டியிருந்தால் தபால்காரர் அழைப்பதற்கு அந்த எண்ணை விட்டால் வேறு வழியில்லை.